ஐன்ஸ்டீன் திண்மத்தின் வெப்பநிலை: எண்ணுவதா, தோராயமா, போல்ட்ஸ்மன் காரணியா, சிமுலேஷனா?

நூறு கார்பன் அணுக்கள் கொண்ட வைரத் துணுக்கு ஒன்றில் நான்கு குவாண்டம் ஆற்றல் இருக்கிறது. அதன் வெப்பநிலை என்ன? பாடத்தில் படித்த வழிகளில் ஒன்றைப் பிடித்தால் 305 கெல்வின் வருகிறது. அதே வழியில் என்ட்ரோபி–ஆற்றல் வரைபடத்தின் சாய்வை அடுத்த பக்கம் எடுத்தால் 321. இரண்டுக்கும் நடுச்சாய்வு எடுத்தவருக்கு 313. மூவரும் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்கள். 'எந்த வழியை எடுப்பது' என்று தடுமாறும் மாணவர்களுக்கும், வகுப்பில் எதைக் காட்டுவது என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்கும் இந்த ஒப்பீடு.

முதலில் பொதுவான பகுதி. ஐன்ஸ்டீன் 1907-இல் வைத்த மாதிரியில் ஒவ்வோர் அணுவும் தன் இடத்தைச் சுற்றி மூன்று திசைகளில் தனித்தனியாக அதிர்கிறது. ஆகவே நூறு அணு என்றால் 300 அலையியற்றிகள். இந்த மூன்றால் பெருக்குவதை மறப்பதுதான் விடைத்தாள்களில் வரும் முதல் தவறு. எல்லா அலையியற்றிகளுக்கும் ஒரே அதிர்வெண் என்பதால், ஆற்றல் ஒரே அளவுள்ள குவாண்டங்களாகவே ஏறி இறங்கும். அந்தக் குவாண்டத்தின் அளவை ε என்போம். அதைப் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் கிடைப்பது ஐன்ஸ்டீன் வெப்பநிலை. வைரத்துக்கு அது ஏறத்தாழ 1320 கெல்வின்; ஈயத்துக்குச் சுமார் 70 மட்டுமே. கீழே வரும் கணக்குகள் எல்லாம் வைரத்துக்கானவை.

N அலையியற்றிகளுக்கு q குவாண்டங்களைப் பகிரும் வழிகள்:

Ω(N, q) = (q + N − 1)! / [ q! (N − 1)! ]

குவாண்டங்களைப் புள்ளிகளாகவும், அலையியற்றிகளைப் பிரிக்கும் தடுப்புகளை N − 1 கோடுகளாகவும் ஒரே வரிசையில் எழுதினால் இந்தச் சூத்திரம் வந்துவிடும். எந்தக் குவாண்டம் எங்கே இருக்கிறது என்பதற்குப் பொருளில்லை, எந்த அலையியற்றியில் எத்தனை என்பதற்கு மட்டுமே பொருள். இந்த எண்ணிக்கை முறை உண்மையில் பிளாங்க் 1900-இல் கையாண்டது. ஐன்ஸ்டீன் தன் கட்டுரையில் வழிகளை எண்ணவில்லை. கீழே மூன்றாவதாக வரும் வழியைத்தான் எடுத்தார்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு கேள்விகள் போதும். வெப்பநிலை என்றால் என்ன என்பது அந்த வழியில் கண்ணுக்குத் தெரிகிறதா, அல்லது முன்கூட்டியே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறதா? குவாண்டங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருக்கும்போது விடையை நம்பலாமா? உண்மையான ஒரு கட்டிக்கு, அதாவது 10²³ அலையியற்றிகளுக்கு, அதே வழி தாங்குமா? தவறு நேர்ந்தால் அது வெளியே தெரியுமா, இல்லை அழகான எண்ணாக வந்து ஏமாற்றுமா? கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக எடை தருவேன்.

முதல் கேள்விக்கு அடிப்படை வேண்டும் என்பதால் ஒரு சின்னக் கணக்கு. A என்ற திண்மத்தில் 3 அலையியற்றிகள், B-யில் 6. இரண்டும் ஒட்டியிருக்கின்றன, மொத்தம் 6 குவாண்டங்கள்.

| A-யில் | B-யில் | A-யின் வழிகள் | B-யின் வழிகள் | பெருக்கல் |
|---|---|---|---|---|
| 0 | 6 | 1 | 462 | 462 |
| 1 | 5 | 3 | 252 | 756 |
| 2 | 4 | 6 | 126 | 756 |
| 3 | 3 | 10 | 56 | 560 |
| 4 | 2 | 15 | 21 | 315 |
| 5 | 1 | 21 | 6 | 126 |
| 6 | 0 | 28 | 1 | 28 |

கூட்டினால் 3003. ஒன்பது அலையியற்றிகளுக்கு 6 குவாண்டம் பகிரும் வழிகளும் 3003-தான், ஆகவே அட்டவணை சரி. இப்போது உச்சியைப் பாருங்கள். A ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஏறும்போது அதன் வழிகள் 3-இலிருந்து 6 ஆகின்றன, இரண்டு மடங்கு. B ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது 252 என்பது 126 ஆகிறது, பாதி. ஒருவரின் பெருக்கமும் மற்றவரின் சுருக்கமும் சமமாகும் இடத்தில்தான் ஆற்றல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகரக் காரணமில்லாமல் நிற்கிறது.

ஆக, வெப்பநிலையை முடிவு செய்வது ஒரே ஓர் எண்: ஒரு குவாண்டம் கூடினால் வழிகள் எத்தனை மடங்காகின்றன? அந்த மடங்கின் இயல் மடக்கையால் ஐன்ஸ்டீன் வெப்பநிலையை வகுத்தால் T. மடங்கு பெரிதாக இருந்தால் குளிர், ஒன்றை நெருங்கினால் சூடு. 'என்ட்ரோபி–ஆற்றல் வரைபடத்தின் சாய்வு 1/T' என்று பாடத்தில் எழுதியிருப்பது இதைத்தான்.

அதே அட்டவணையில் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. உச்சி 1-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் A-யிடம் உள்ள குவாண்டங்களின் சராசரியைப் போட்டுப் பாருங்கள், சரியாக 2 வரும். அதிக வழிகள் உள்ள நிலையும் சராசரி நிலையும் சிறிய திண்மத்தில் ஒன்றல்ல. வழிகளின் விடைகள் சிறிய திண்மத்தில் ஒத்துப்போகாததற்கு ஒரு வேர் இது: சில வழிகள் உச்சியைப் பார்க்கின்றன, சில சராசரியைப் பார்க்கின்றன.

## நேரடியாக எண்ணுவது

q-வை ஒவ்வொன்றாக ஏற்றி, Ω-வின் மடக்கையை எழுதி, அடுத்தடுத்த வரிகளைக் கழிக்கிறோம். எக்செல்லில் பலர் COMBIN எழுதித் தொடங்குவார்கள். 300 அலையியற்றி, 300 குவாண்டம் வரை அது ஓடும். இரண்டையும் 600 ஆக்கினால் விடை 10³⁰⁸-ஐத் தாண்டி #NUM! வந்துவிடும். FACT இன்னும் மோசம், 171-லேயே நின்றுவிடும். எண்ணின் மடக்கையை நேராகத் தரும் சார்பைப் பயன்படுத்துவதே வழி:

```
=GAMMALN(B2+$A$2)-GAMMALN(B2+1)-GAMMALN($A$2)
```

A2-இல் N, B நெடுவரிசையில் q. இது இலட்சங்களிலும் நன்றாக ஓடும். N சுமார் 10¹⁶-ஐத் தொட்டால் கதை மாறும். மிகப் பெரிய எண்களைக் கழித்துச் சிறிய எண்ணை எடுக்க வேண்டியிருப்பதால் இலக்கங்கள் எல்லாம் கரைந்து, விடை வெறும் இரைச்சலாகிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது.

இத்தனைக்கும் காரணீயமே தேவையில்லை. அடுத்தடுத்த இரண்டு Ω-க்களை வகுத்தால் எல்லாம் அடிபட்டு, மிஞ்சுவது இவ்வளவுதான்:

Ω(N, q+1) / Ω(N, q) = (N + q) / (q + 1)

நம் துணுக்குக்கு N = 300, q = 4. நான்கிலிருந்து ஐந்துக்கு ஏறினால் 304/5 = 60.8 மடங்கு; அதன் மடக்கை 4.108, வெப்பநிலை 321.4 கெல்வின். மூன்றிலிருந்து நான்குக்கு ஏறியதைப் பார்த்தால் 303/4 = 75.75 மடங்கு; 305.0 கெல்வின். இரண்டு மடக்கைகளின் சராசரியை எடுத்தால் 313.0.

இவற்றில் எது சரி என்று கேட்பதைவிட, எந்தக் கேள்விக்கு எது விடை என்று கேட்பது பொருந்தும். துணுக்கு ஒரு குவாண்டத்தைப் பெறப்போகிறது என்றால் முதல் எண். இழக்கப்போகிறது என்றால் இரண்டாவது. நான்கே குவாண்டம் உள்ள பொருளுக்கு 16 கெல்வின் அகலத்துக்குக் குறைவாக வெப்பநிலை வரையறுக்கப்படவே இல்லை. எண்ணும் வழியின் பெரிய நன்மை, இந்த அகலத்தை அது மறைக்காமல் காட்டிவிடுகிறது. பயிற்சிக் கணக்கில் ஒரே எண் வேண்டுமென்றால் நடுச்சாய்வை எடுங்கள், ஆனால் எந்தச் சாய்வு என்பதை எழுதிவிடுங்கள்.

எண்ணும் வழியில் சூத்திரத்தையே தவறாகப் பிடிப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு குவாண்டமும் 300 இடங்களில் எங்கும் போகலாம் என்று நினைத்து வழிகளை 300 × 300 × … என்று பெருக்கினால், ஒவ்வொரு குவாண்டத்துக்கும் மடங்கு எப்போதும் 300. அப்படியானால் எவ்வளவு ஆற்றல் ஊற்றினாலும் வைரம் 231 கெல்வினிலேயே நிற்கும்! வெப்பநிலை ஆற்றலோடு மாறவே இல்லையென்றால், குவாண்டங்களுக்குப் பெயர் சூட்டி எண்ணிவிட்டீர்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

## ஸ்டெர்லிங் தோராயம்

காரணீயங்களுக்குப் பதில் ஸ்டெர்லிங் தோராயத்தை வைத்து, q-வைத் தொடர்ச்சியான மாறியாகக் கருதி வகையிட்டால் கிடைப்பது:

T = 1320 / ln(1 + N/q)

நம் துணுக்குக்கு 1320 / ln 76, அதாவது 304.8 கெல்வின். ஒரு வரியில் முடிந்தது, எவ்வளவு பெரிய கட்டிக்கும் இதே வரி. எண்ணும் வழியோடு வைத்துப் பார்க்கலாம்:

| அலையியற்றி, குவாண்டம் | இழக்கும் பக்கம் | நடுச்சாய்வு | பெறும் பக்கம் | ஸ்டெர்லிங் |
|---|---|---|---|---|
| 3, 1 | 1202 | 1473 | 1904 | 952 |
| 300, 4 | 305.0 | 313.0 | 321.4 | 304.8 |
| 30000, 400 | 304.80 | 304.89 | 304.97 | 304.80 |

மூன்றாவது வரியில் எல்லாம் கால் கெல்வினுக்குள் அடங்கிவிட்டன. இங்கே சண்டைக்கே இடமில்லை. முதல் வரி வேறு. ஓரணுவுக்கான ஸ்டெர்லிங் விடை இரண்டு பக்கச் சாய்வுகளுக்கும் வெளியே விழுந்திருக்கிறது. தோராயம் செய்யும்போது N − 1 என்பதை N என்று எழுதிவிட்டோம், N மூன்றாக இருக்கும்போது அது சின்ன விஷயமல்ல. q சில நூறைத் தாண்டும்வரை இந்தச் சூத்திரத்தின் தசம இலக்கங்களை நம்ப வேண்டாம் என்பது என் அளவுகோல்.

ஆனால் பெரும்பாலானோர் விழும் குழி இது அல்ல. ஸ்டெர்லிங்கோடு நிறுத்தாமல், 'q மிகப் பெரியது' என்று இன்னொரு தோராயத்தையும் சேர்த்து, மொத்த ஆற்றல் NkT என்ற எளிய வடிவத்துக்கு வந்துவிடுகிறார்கள். q பெரியது என்பதும், q என்பது N-ஐவிடப் பெரியது என்பதும் வேறு வேறு. 300 கெல்வினில் NkT-யைப் பயன்படுத்தினால் நம் 300 அலையியற்றிகளில் 68 குவாண்டம் இருக்க வேண்டும். முழுச் சூத்திரம் தருவது 3.7. பதினெட்டு மடங்கு வித்தியாசம். வைரத்தின் மோலார் வெப்ப ஏற்புத்திறன் அறை வெப்பநிலையில் 25 ஜூல் என்று வராமல் 6 ஜூலை ஒட்டி அளக்கப்பட்டது ஏன் என்பதுதான் ஐன்ஸ்டீன் எடுத்துக்கொண்ட புதிரே. அதே கணக்கில் புதிரைத் தொலைத்துவிடக் கூடாது. ஈயத்தில் இந்தக் குறுக்குவழி ஓடிவிடும், ஏனெனில் அறை வெப்பநிலையில் அதன் ஒவ்வோர் அலையியற்றியிலும் சராசரி நான்கு குவாண்டங்கள் இருக்கின்றன.

## போல்ட்ஸ்மன் காரணி

இங்கே கேள்வி தலைகீழ். ஆற்றல் தெரியும், வெப்பநிலை தெரியாது என்பது போய், வெப்பநிலை தெரியும், ஆற்றல் என்ன என்று கேட்கிறோம். ஓர் அலையியற்றியில் ஒரு குவாண்டம் கூடும்போதெல்லாம் அந்த நிலையின் வாய்ப்பு exp(−1320/T) மடங்காகக் குறையும். பெருக்குத் தொடரைக் கூட்டினால் சராசரிக் குவாண்டங்கள்

n = 1 / (exp(1320/T) − 1)

இதைத் திருப்பி எழுதினால் ஸ்டெர்லிங் தந்த அதே சூத்திரம்! தோராயம் எதுவும் செய்யாமலே கிடைத்துவிட்டதே என்று தோன்றும். மறைந்திருக்கும் விலை இரண்டு.

முதலாவது, வெப்பநிலை எங்கிருந்தும் வரவில்லை, நாம்தான் உள்ளே வைத்தோம். அது எதைக் குறிக்கிறது என்று கேட்டால், சுற்றியுள்ள பெரிய பொருளின் வழிகள் ஒரு குவாண்டம் இழக்கும்போது எத்தனை பங்காகச் சுருங்குகின்றன என்பதற்குத்தான் திரும்ப வேண்டும். அதை நம் துணுக்கிலேயே பார்க்கலாம். ஓர் அலையியற்றியைத் தனியாகப் பிரித்து, மீதி 299-ஐச் சுற்றுப்பொருளாக வையுங்கள். சுற்றுப்பொருளிடம் இருந்து முதல் குவாண்டத்தை எடுத்தால் அதன் வழிகள் 75.5-இல் ஒரு பங்காகச் சுருங்கும், இரண்டாவதற்கு 100.3, மூன்றாவதற்கு 150, நான்காவதற்கு 299. வெப்பநிலையாக மாற்றினால் 305, 286, 263, 232. கொடுக்கக் கொடுக்கச் சுற்றுப்பொருளே குளிர்ந்துகொண்டு போகிறது. போல்ட்ஸ்மன் காரணி இந்த நான்கு எண்களும் ஒன்றே என்று எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்பொருள் மேசையளவு பெரிதாக இருந்தால் அது உண்மை, 299 அலையியற்றி என்றால் பொய்.

இரண்டாவது, இந்த வழியில் 'நான்கு குவாண்டம்' என்பது சராசரி மட்டுமே. 300 அலையியற்றிகளுக்கான திட்ட விலக்கத்தைக் கணக்கிட்டால் ஏறத்தாழ 2 வருகிறது. இந்தக் கணம் இரண்டு, அடுத்த கணம் ஆறு என்று ஆடுவது சாதாரணம். ஆற்றலைப் பூட்டிவைத்த துணுக்குக்கு இந்தச் சூத்திரத்தைப் போட்டு, மூன்றாம் இலக்கம் வரை எண்ணும் வழியோடு ஒத்துப்போகவில்லையே என்று தேடிப் பயனில்லை. இரண்டும் வேறு வேறு சோதனைகள்.

இந்த விலைகளை ஏற்றுக்கொண்டால், வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிட இதைவிட நேரான வழி இல்லை. 300 கெல்வினில் வைரத்துக்கு மோலுக்கு 6.1 ஜூல் வருகிறது. அதிர்வெண்கள் பலவாக உள்ள திண்மத்துக்கும் ஒவ்வொன்றாகக் கூட்டிவிடலாம். எண்ணும் வழியில் அது தலைவலி.

## சிமுலேஷன்

குவாண்டங்களைக் கணினியில் சமவாய்ப்பாக இடம் மாற்றிக்கொண்டே இருந்தால், அலையியற்றிகளில் உள்ள எண்ணிக்கைகளின் பரவலில் இருந்து வெப்பநிலையைப் படிக்கலாம். நிரலின் உயிர் இந்த ஐந்து வரிகள்:

```python
i = random.randrange(N)
j = random.randrange(N)
if n[i] > 0:
    n[i] -= 1
    n[j] += 1
```

கொடுக்கும் அலையியற்றியை எல்லாவற்றிலிருந்தும் சமவாய்ப்பாக எடுக்க வேண்டும், அது காலியாக இருந்தால் அந்த முறையை வீணாக்க வேண்டும். வீணாவது பொறுக்காமல், 'ஒரு குவாண்டத்தைத் தேர்ந்தெடுத்து எங்காவது அனுப்பு' என்று மாற்றி எழுதினால் எல்லாம் ஓடும், வரைபடமும் வழவழப்பாக வரும், விடை மட்டும் தவறு. நிறையக் குவாண்டம் உள்ள அலையியற்றி அடிக்கடி தேர்வாவதால் நுண்நிலைகள் சம வாய்ப்பை இழந்துவிடுகின்றன. மேலே சொன்ன பெயர் சூட்டி எண்ணும் தவறு நிரல் வேடத்தில் திரும்பி வந்தது போல.

கண்டுபிடிக்க எளிய சோதனை: 300 அலையியற்றி, 300 குவாண்டம் வையுங்கள். முதல் 30,000 முறைகளைத் தள்ளிவிட்டு, பிறகு 300 முறைக்கு ஒரு தடவை பதிவு செய்யுங்கள். சரியான நிரலில் காலியானவை ஏறத்தாழ பாதி, ஒரு குவாண்டம் உள்ளவை கால், இரண்டு உள்ளவை அரைக்கால். ஒவ்வொரு படியிலும் பாதியாகும். தவறான நிரலில் காலியானவையும் ஒரு குவாண்டம் உள்ளவையும் தலா 37 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காலியானவற்றை விலக்கிவிட்டு மீதியில் மட்டும் கொடுப்பவரைத் தேடினாலும் பிழை உண்டு, அளவு சிறிது என்பதால் கண்ணில் படாது.

நம் வைரத் துணுக்குக்கு இந்த வழி பொருந்தாது. 300-இல் குறைந்தது 296 காலி, அதனால் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு முறைக்கு மேல் வீண். ஆற்றல் எப்படித் தானாகப் பரவுகிறது என்று காட்ட வேண்டுமா, q-வை N அளவுக்கு வைத்து ஓட்டுங்கள். ஓர் எண் மட்டும் வேண்டுமா, (N + q)/(q + 1) என்பதைக் கைக்கணக்கில் போட்டுவிடலாம்.

## எந்த நிலையில் எது

வெப்பநிலை என்ற கருத்தை முதன்முதலாகச் சொல்லித்தருகிறீர்கள், அல்லது குவாண்டங்கள் நூறுக்குள் இருக்கின்றன என்றால், மடங்கு அட்டவணை. இரண்டு திண்மங்கள் ஒட்டியிருக்கும் கணக்குக்கும் அதுதான், ஏனெனில் பகிர்வின் முழு வடிவமும் கிடைக்கும். ஆற்றல் கொடுக்கப்பட்டு, கட்டி பெரிதாக இருந்தால் ஸ்டெர்லிங் சூத்திரம். அதற்குப்பின் NkT பக்கம் நகரும் முன் N/q-வைப் பார்த்துவிடுங்கள். வெப்பநிலை கொடுக்கப்பட்டு, வெப்ப ஏற்புத்திறன் கேட்கப்பட்டால் போல்ட்ஸ்மன் காரணி. வேறு எதையும் முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

நான்கு வழிகளும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. 100 கெல்வினில் வைரத்தின் வெப்ப ஏற்புத்திறனை இந்த மாதிரியில் கணக்கிட்டால் மோலுக்கு 0.008 ஜூல் வரும். உண்மை மதிப்பு அதைப்போல் 20 மடங்குக்கும் மேல். அங்கே எண்ணும் முறையை மாற்றிப் பார்த்துப் பயனில்லை. எல்லா அலையியற்றிக்கும் ஒரே அதிர்வெண் என்ற முதல் வரியில்தான் பிழை இருக்கிறது. அணுக்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சேர்ந்து அதிரும் மெதுவான அலைகளுக்கு மிகச் சிறிய குவாண்டம் போதும், குளிரிலும் அவை விழித்திருக்கும். அவற்றைக் கணக்கில் எடுத்த டிபை மாதிரி 1912-இல் வந்தது. மேலே சொன்ன போல்ட்ஸ்மன் வழியை அதிர்வெண் அதிர்வெண்ணாகக் கூட்டினாலே அதற்குப் போய்ச் சேரலாம்.